‘முடிஞ்சுது’ எண்டா என்ன?

இரண்டு வருஷத்துக்கு முதல் ஒரு ராத்திரி, மாங்கேணியில எங்கட வீட்டுத் திண்ணையில இருந்து, வாட்ஸ்அப்பில வந்த பதினேழு குரல் செய்திகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பாசிக்குடாப் பக்கம் விருந்தினர் விடுதி வைத்திருக்கிற ஒரு அண்ணர் அனுப்பினது. அவருடைய விடுதிக்கு வெப்சைட் செய்துகொண்டிருந்தேன். முதல் செய்தியில முகப்புப் படத்தை மாத்தச் சொல்றார். நாலாவதில பழைய படமே நல்லம் எண்டுறார். ஒன்பதாவதில, “தம்பி, ஒரு சின்ன புக்கிங் பட்டன் மட்டும் போட்டு விடுங்களன், ஆக்கள் அதிலயே காசு கட்டுற மாதிரி.” பதினேழாவதில, “இதெல்லாம் முடிஞ்சா மிச்சக் காசைத் தந்திடலாம்.”

இந்தக் கட்டுரை அந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றியது. இதெல்லாம் முடிஞ்சா. எதெல்லாம்?

அந்த வேலைக்கு நாங்கள் பேசின தொகை 75,000 ரூபா. போனிலதான் பேச்சு. “எவ்வளவு வரும் தம்பி?” எண்டார், சொன்னேன், “சரி, செய்வம்” எண்டார். 30,000 முற்பணமாக வந்தது. மிச்சம் 45,000 வேலை முடிந்த பிறகு. அதாவது மொத்தத்தில அறுபது வீதம் ‘முடிஞ்ச பிறகு’ என்ற ஒரு சொல்லில தொங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சொல்லுக்கு அவர் மனசில ஒரு பொருள், என் மனசில ஒரு பொருள். எனக்கு ஆறு பக்கமும் திறந்தால் முடிஞ்சுது. அவருக்கு வெப்சைட்டால ஆக்கள் வந்து அறை எடுத்தால் முடிஞ்சுது. ஐந்து மாசம் இழுபட்டது. நான் எதிர்பார்த்த காசு முழுசா வரவில்லை, அவருக்கு அந்த வருஷச் சீசனும் வரவில்லை.

அவரைக் கெட்டவராகக் காட்ட நான் இதை எழுதவில்லை. எங்கட கரையில கடல் அமைதியாகிறது ஏப்ரல் வாக்கில. ஏப்ரலில இருந்து செப்ரெம்பர் மட்டும்தான் வெளிநாட்டு ஆக்களும் கொழும்பு ஆக்களும் கல்குடா, பாசிக்குடா பக்கம் கூடுதலா வருவினம். வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கினால் விடுதி காலி. ஏப்ரலுக்கு வரவேண்டிய வெப்சைட் ஜூலையில வந்தால் அந்த மனுசனுக்கு அரைவாசிச் சீசன் போயிட்டுது. அந்த நட்டம் என்ர 45,000ஐ விடப் பெரிசு. நாங்கள் ஃப்ரீலான்சர்கள் ஒன்றுகூடினால் ‘கிளையன்ட் காசு தரல்ல’ கதையை மட்டும்தான் கதைக்கிறம். அவங்கட பக்கத்தில ‘தம்பி ஆளைக் காணேல்ல’ எண்ட கதை இருக்கிறதைக் கவனிக்கிறதில்லை.

பெரிய கம்பெனிகளுக்கு இந்தப் பிரச்சினை வராது, அவங்களிட்ட வக்கீல் இருக்கு எண்டு நினைக்கிறவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்ல வேணும். கார் வாடகைக்குக் கொடுக்கிற ஹேர்ட்ஸ் நிறுவனம் 2016இல் தன் வெப்சைட்டையும் மொபைல் செயலிகளையும் புதுசாக்க அக்சென்ச்சர் நிறுவனத்தைப் பிடித்தது. தளம் 2017 டிசம்பரில் வெளிவர வேண்டும். அது 2018 ஜனவரிக்குத் தள்ளிப்போய், பிறகு ஏப்ரலுக்குத் தள்ளிப்போனது. மே மாதம் ஹேர்ட்ஸ் அவர்களை நிறுத்தியது. 2019 ஏப்ரலில் நியூயோர்க்கில் வழக்குப் போட்டு, கட்டின 3 கோடி 20 லட்சம் டொலருக்கு மேற்பட்ட காசைத் திரும்பக் கேட்டது. அக்சென்ச்சர் அந்தக் குற்றச்சாட்டுகளை மறுத்தது.

அந்த வழக்கு மனுவில என்னைப் பிடித்து நிறுத்தினது இரண்டு சின்ன விஷயம். தளம் சின்னத் திரை, நடுத்தரத் திரை, பெரிய திரை என மூன்றுக்கும் பொருந்த வேணும் என்பதுதான் பேச்சு என்கிறது ஹேர்ட்ஸ். கைக்கு வந்தது போனுக்கும் கணினிக்கும் மட்டும் பொருந்தினதாம். டேப்லட்டுக்கும் வேணும் எண்டு கேட்டதற்கு, மேலதிகமாக லட்சக்கணக்கான டொலர் கேட்டார்களாம். அடுத்தது, தளத்தின்ர நிறம், எழுத்துரு, பட்டன் எல்லாம் எப்படி இருக்க வேணும் எண்டு சொல்லுற கையேடு. அதை அழுத்திப் பார்க்கக்கூடிய, மாற்றக்கூடிய வடிவில் எதிர்பார்த்தார்களாம். கிடைத்தது ஒரு பிடிஎஃப், மாற்றித் தர வேறு காசு. இவை ஹேர்ட்ஸ் சொன்ன பக்கம் மட்டும்தான், ஆனால் கேள்வி தெளிவு. டேப்லட் என்பது விட்டுப்போன வேலையா, புது வேலையா? கோடிக்கணக்கான டொலர் புழங்கின இடத்திலேயே அது சண்டையாகிறது எண்டால், போனில் ‘சரி செய்வம்’ எண்ட எங்கட 75,000 ரூபா எம்மாத்திரம்.

அதால இப்ப ஒரு தாள் வைத்திருக்கிறேன். இரண்டு பக்கம், தமிழில. வாழைச்சேனையில பிரிண்ட் எடுத்து இரண்டு பேரும் கையெழுத்து வைக்கிறம். போன தையில கல்குடாப் பக்கம் இன்னொரு விடுதிக்கு அந்தத் தாளோட வேலை எடுத்தேன். 90,000 ரூபா, ஆறு பக்கம், தமிழும் ஆங்கிலமும். அந்த அண்ணரிட்டத் தாளை நீட்டினதும் வந்த முதல் கேள்வி, “என்ன தம்பி, என்னில நம்பிக்கை இல்லையா?” உங்களுக்கும் இது வரும். நான் சொன்னது இதுதான்: “அண்ணன், இதில என்ர பிழைக்கு நான் கட்டுற காசும் எழுதிக் கிடக்கு, வாசிச்சுப் பாருங்க.” வாசிச்சார். அந்தத் தாளை வைச்சுத்தான் மிச்சக் கதை.

திருத்தம் என்ற சொல்லில இருந்து தொடங்குவம். ஏனெண்டா, நாள் பிந்துறதும் காசு பிந்துறதும் பெரும்பாலும் இதுக்குள்ள இருந்துதான் வருது. ‘இரண்டு தரம் திருத்தித் தரப்படும்’ எண்டு ஒரு வரி எழுதிட்டு நிம்மதியா இருக்கிற கன ஆக்களைத் தெரியும். அந்த வரியால ஒரு பிரயோசனமும் இல்லை. பதினேழு குரல் செய்தி என்பது பதினேழு தரமா, ஒரு தரமா? அதுக்குள்ள இருந்த புக்கிங் பட்டன் திருத்தமா?

உண்மையில ‘மாத்தித் தாங்க’ எண்டு வாற எல்லாமே மூன்று வேறு சாமான்கள். ஒன்று பிழை. தொடர்பு பட்டனை அழுத்தினால் வேறு யாருக்கோ அழைப்புப் போகுது, தமிழ் எழுத்து ஐபோனில உடைஞ்சு தெரியுது, படிவம் நிரப்பினால் மின்னஞ்சல் போகுதில்லை. இது என்ர தப்பு. எத்தனை தரமெண்டாலும் சும்மா திருத்தித் தர வேணும், தளம் வெளியான பிறகும் ஒரு மாசத்துக்கு. இதைத் திருத்தக் கணக்கில சேர்க்கிற ஃப்ரீலான்சர் அநியாயம் செய்யிறார். மற்றது திருத்தம். சம்மதித்த வேலைக்குள்ள ரசனை மாறுறது: இந்த நிறம் இருட்டா இருக்கு, இந்தப் படத்தை மேல போடுங்க, இந்த வரியை இப்படி எழுதுங்க. எண்ணிக்கை வைக்க வேண்டியது இதுக்கு மட்டும்தான். கடைசி, புது வேலை. தாளில இருக்கிற ஆறு பக்கத்துக்குள்ளயும் இல்லாத எதுவும். காசு கட்டுற புக்கிங் பட்டன் பார்க்கச் சின்னன்தான். ஆனால் அதுக்குப் பின்னால எந்த அறை எந்த நாள் காலி எண்ட நாட்காட்டி, வங்கியோட இணைக்கிற கொடுப்பனவு வழி, ஆள் வராட்டிக் காசு திருப்பிக் கொடுக்கிற விதி எல்லாம் இருக்கு. அதுவே தனி வெப்சைட்டில அரைவாசி.

தாளில நான் எழுதி வைத்திருக்கிற வரி இப்படி இருக்கு: “ஒரு திருத்தச் சுற்று என்பது, விடுதிப் பக்கத்தில் ஒருவர், மாற்ற வேண்டியவை எல்லாவற்றையும் ஒரே எழுத்துச் செய்தியில் தருவது. வடிவமைப்புக் கட்டத்தில் ஒரு சுற்று, தளம் கட்டி முடிந்த பிறகு ஒரு சுற்று. அதற்கு மேல் மணித்தியாலத்துக்கு 1,500 ரூபா, தொடங்க முதல் எத்தனை மணித்தியாலம் என்று சொல்லி ஓம் வாங்கப்படும். பிழைகள் இந்தக் கணக்கில் வராது.”

இதில ‘ஒருவர்’ எண்ட சொல் எனக்குப் பட்டறிவால வந்தது. முதல் வேலையில அண்ணருக்கு நீலம் பிடிக்கும், அக்காவுக்குப் பச்சை, கனடாவில இருக்கிற மச்சானுக்கு இரண்டும் பிடிக்காது. மூன்று பேரும் தனித்தனியா எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். குடும்பத்துக்குள்ள தீர்க்க வேண்டிய வழக்கை நான் மென்பொருளில தீர்த்துக்கொண்டிருந்தேன். இப்ப தாளில ஒரு பெயர் இருக்கும். மற்றவர்கள் அவரிட்டச் சொல்லலாம், அவர் எனக்கு எழுதுவார். குரல் செய்தி அனுப்ப வேணாம் எண்டு நான் சொல்றதில்லை, எங்கட ஆக்களுக்கு எழுதுறதை விடப் பேசுறது லேசு. நானே கேட்டு, எழுத்தில பட்டியல் போட்டுத் திருப்பி அனுப்பி, “இவ்வளவும்தானே அண்ணன்?” எண்டு கேட்பேன். “ஓம்” எண்டு வந்தால் அதுதான் அந்தச் சுற்று.

அந்த ‘ஓம்’ சும்மா இல்லை. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின்படி, இலத்திரனியல் வடிவில இருக்கு எண்ட ஒரே காரணத்துக்காக ஒரு ஒப்பந்தத்தையோ செய்தியையோ செல்லாது எண்டு தள்ள முடியாது. காணி விற்பனை, மரணசாசனம் மாதிரிச் சிலவற்றை அந்தச் சட்டம் விலக்கி வைத்திருக்கு. வெப்சைட் வேலை அதுக்குள்ள இல்லை. அதால தாளுக்குப் பிறகு வாற ஒவ்வொரு சம்மதத்தையும் அழிக்காமல் ஒரு இடத்தில வைக்கிறது நல்லம். போன் மாத்தேக்க வாட்ஸ்அப் அழிஞ்சு போறது எங்களுக்குப் புதுசில்லை. அதால முக்கியமான ‘ஓம்’களை மின்னஞ்சலிலயும் ஒரு பிரதி போட்டு வைக்கிறேன்.

இனி நாள். ‘மார்ச் 1ஆம் திகதிக்குள் தளம் ஒப்படைக்கப்படும்.’ கேட்க நல்ல, உறுதியான வரி. ஆனால் அது ஃப்ரீலான்சர் தனக்குத்தானே வைக்கிற கண்ணி. ஏனெண்டா, வெப்சைட் பிந்துறதுக்கு நான் கண்ட பெரிய காரணம் நிரல் எழுதுறது இல்லை. உள்ளடக்கம்தான். அறை விலை இன்னும் முடிவாகேல்ல, சாப்பாட்டுப் பட்டியலை அக்கா எழுதித் தாறன் எண்டவ, படம் எடுக்கிற பொடியன் கலியாண வீடுகளில பிஸி. இவ்வளவும் வரும்வரை நான் வெறும் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு இருக்க வேணும். மார்ச் 1 மட்டும் அசையாமல் நிக்கும்.

அதால என்ர தாளில ஒப்படைக்கிற நாளுக்குத் திகதி இல்லை, கணக்கு இருக்கு. முற்பணமும் முழு உள்ளடக்கமும் இரண்டும் கைக்கு வந்த நாளில இருந்து 35 நாள். கல்குடா வேலையில உள்ளடக்கம் ஜனவரி 25க்குத் தாறதா இருந்தது. வந்திருந்தால் மார்ச் 1. முழுசா வந்து சேர்ந்தது பெப்ரவரி 5. அண்டைக்கே ஒரு செய்தி போட்டேன்: “அண்ணன், எல்லாம் கிடைச்சுது. இண்டையில இருந்து 35 நாள், மார்ச் 12.” “சரி தம்பி” எண்டார். பதினொரு நாள் பிந்தினதுக்கு நானும் சண்டை பிடிக்கேல்ல, அவரும் என்னைக் குறை சொல்ல இடமில்லை. ஏப்ரலுக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. சீசனை வைத்துப் பின்னோக்கி எண்ணித்தான் தையிலேயே தாளைக் கையெழுத்து வைத்தம்.

நாளைப் பற்றி இன்னொன்று, இது கன பேர் எழுதாமல் விடுறது. பார்த்துச் சொல்லுங்க எண்டு அனுப்பின பிறகு பதில் வராத நாட்கள் ஆருக்குச் சேரும்? என்ர தாளில: பார்க்கத் தந்த நாளில இருந்து ஏழு நாளுக்குள்ள பதில் இல்லை எண்டால் அந்தக் கட்டம் ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும். இதைத் தனியா எழுதினால் கொடுமையான வரி, ஒப்புக்கொள்ளுறேன். அதால ஐந்தாம் நாள் நான் கட்டாயம் ஒருக்கா ஞாபகப்படுத்த வேணும், ஞாபகப்படுத்தாட்டி அந்த வரி செல்லாது எண்டும் எழுதியிருக்கிறேன். மழை காலத்தில வாகரைப் பக்கம் வெள்ளம் வந்து கரண்டும் சிக்னலும் இல்லாத நாட்கள் இரண்டு பக்கத்துக்கும் கணக்கில சேராது.

பிந்தினது நான் எண்டால்? முழுக் கிழமை ஒன்றுக்கு 3,000 ரூபா கடைசிக் கொடுப்பனவில குறையும், கூடினது 9,000. மூன்று கிழமைக்கு மேல பிந்தினால் அவர் வேலையை நிறுத்தி, செய்த அளவுக்குக் கணக்குப் பார்த்து, கோப்புகளை வாங்கிக்கொண்டு வேறு ஆளிட்டப் போகலாம். “எனக்கு நானே ஏன் தண்டம் எழுத வேணும்?” எண்டு கூட்டாளி ஒருத்தன் கேட்டான். உச்சவரம்பு இல்லாட்டி எழுதவே கூடாது. ஆனால் இந்த வரி இருக்கிறதாலதான் மற்ற வரிகளில கையெழுத்து வைக்க அந்த அண்ணருக்கு மனசு வந்தது. தனக்கு மட்டும் கதவு வைச்ச தாளில மற்றவன் ஏன் கையெழுத்து வைக்கிறான்.

சரி, காசு. என்ர முதல் தப்பு 75,000இல 45,000ஐக் கடைசிக்கு விட்டது எண்டு சொன்னேனே. இப்ப 40, 40, 20. கல்குடா வேலையில முற்பணம் 36,000. முகப்பும் ஒரு உள்பக்கமும் வடிவமைத்துக் காட்டி, அவர் ஓம் எண்டதும் 36,000. கடைசியில 18,000. கடைசிக் காசு பெரிசா இருந்தால் இரண்டு பேருக்கும் கெட்ட புத்தி வரும். கொடுக்கிறவருக்கு ‘இன்னும் கொஞ்சம் வேலை வாங்கலாம்’ எண்டு. எடுக்கிறவருக்கு ‘தளத்தைப் பிடிச்சு வைச்சுக்கொள்ளுவம்’ எண்டு. 18,000 எண்டால், தராட்டி எனக்கு வலிக்கும், ஆனால் நான் தாளமாட்டேன். அவருக்கும் அது முழுசா மறந்துபோற தொகை இல்லை.

கடைசிக் காசு எப்ப எண்டு எழுதுறதில இரண்டு வழமையான வரிகள் இருக்கு, இரண்டும் பிழை எண்டது என்ர கருத்து. ‘கிளையன்ட் திருப்திப்பட்ட பிறகு’ எண்டது ஒன்று. திருப்திக்கு நாட்காட்டி இல்லை. ‘தளம் வெளியான பிறகு’ எண்டது மற்றது. இது நியாயமாத் தெரியும். ஆனால் வெளியாகிறது என்ர கையில மட்டும் இல்லை. டொமைன் பெயருக்குக் காசு கட்ட வேணும், ஹோஸ்டிங் வாங்க வேணும், சில நேரம் பழைய வெப்சைட்டைச் செய்தவரிட்ட இருந்து பாஸ்வேர்ட் எடுக்க வேணும். அவர் போன் எடுக்கமாட்டார். வேலை முடிஞ்சும் மூன்று மாசம் இதுக்குள்ளயே நிக்கலாம்.

நான் எழுதுறது ஒரு சோதனைப் பட்டியல். அதை வேலை தொடங்க முதலே இரண்டு பேரும் இருந்து எழுத வேணும், முடிவில எழுதினால் அதுவே அடுத்த சண்டை. கல்குடாத் தளத்துக்கு இருந்தது இவ்வளவுதான்: ஆறு பக்கமும் அண்ணருடைய சொந்தப் போனிலயும் விடுதிக் கணினியிலயும் திறக்க வேணும். டேப்லட் அவரிட்ட இல்லை, ஆனால் விடுதிக்கு வாற ஆக்களிட்ட இருக்கும் எண்டு அதையும் சேர்த்தம், ஹேர்ட்ஸ் புண்ணியம். இரண்டு மொழியும் மாறி வர வேணும். வாட்ஸ்அப் பட்டன் சரியான இலக்கத்துக்குப் போக வேணும். வரைபடத்தில ஊசி விடுதி வாசலில நிக்க வேணும். தொடர்புப் படிவத்தை நிரப்பினால் அவருடைய மின்னஞ்சல் பெட்டிக்குள்ள வந்து விழ வேணும். இவ்வளவும் என்ர தற்காலிக முகவரியில ஓடிக் காட்டி, எல்லாத்துக்கும் சரி போட்டதும் ஏழு நாளுக்குள்ள 18,000. காசு வந்த அண்டைக்கோ மற்ற நாளோ அவருடைய டொமைனுக்கு மாற்றித் தர வேணும்.

காசு வரும்வரை தளம் என்ர முகவரியில இருக்கிறது முக்கியம். சில பொடியன்கள் வேறு மாதிரிச் செய்யிறாங்க. ஒப்படைச்ச பிறகு காசு வராட்டி, பழைய பாஸ்வேர்டால உள்ள போய்த் தளத்தை முடக்கி, ‘பணம் செலுத்தவில்லை’ எண்டு போட்டு விடுறது. தயவுசெய்து செய்யாதேங்க. அனுமதி இல்லாமல் இன்னொருவருடைய கணினிக்குள்ள நுழையிறது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தில வாற விஷயம். கடன்காரன் அவர், மாட்டுறது நீங்களா இருக்கும்.

கல்குடா அண்ணர் தாளில தானா இரண்டு வரி சேர்க்கச் சொன்னார். டொமைன் அவருடைய பெயரில, அவருடைய மின்னஞ்சலில பதிய வேணும். கடைசிக் காசு கட்டின அண்டைக்கு முழுத் தளத்தின்ர பிரதியும் எல்லாப் பாஸ்வேர்டும் ஒரு பென் டிரைவில தர வேணும். சொல்லேக்க கொஞ்சம் சங்கடப்பட்டுத்தான் சொன்னார். நான் முதலே எழுதியிருக்க வேண்டிய வரிகள் அவை. கூடவே நான் ஒன்று சேர்த்தேன்: வடிவமைப்பின் உரிமை கடைசிக் கொடுப்பனவு கிடைத்த நாளில விடுதிக்கு மாறும். சம்பளத்துக்கு வேலை செய்யிற ஆள் செய்ததுக்குத்தான், வேறு பேச்சு இல்லாட்டி, உரிமை முதலாளிக்கு. ஃப்ரீலான்சர் சம்பள ஆள் இல்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் உரிமை மாற்றத்தை எழுத்தில, கையெழுத்தோட கேட்குது. காசு கட்டினதால தளம் தன்னுடையது எண்டு நினைக்கிறவருக்கும் அந்த வரி தேவை, எங்களுக்கும் தேவை.

நியூயோர்க் நகரத்தில 2017 மே மாசத்தில இருந்து ஒரு சட்டம் இருக்கு. 800 டொலருக்குக் குறையாத ஃப்ரீலான்ஸ் வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், காசு தாற நாள் அதில இல்லை எண்டால் வேலை முடிஞ்சு 30 நாளுக்குள்ள தர வேணும். எங்களுக்கு அந்த 30 நாளைத் தாளில நாங்கள்தான் எழுத வேணும். தகராறு வந்தால் இந்த அளவுக் காசுக்கு நேரா நீதிமன்றம் போகேலாது, முதல் மத்தியஸ்த சபை. அங்க இருக்கிறவர்கள் எங்கட ஊர்ப் பெரியவர்கள், வெப்சைட் எண்டா என்னெண்டு தெரியாதவர்களாக இருக்கலாம். “பட்டியலில அஞ்சு இருக்கு, அஞ்சுக்கும் சரி போட்டுக் கையெழுத்து இருக்கு” எண்டு காட்டினால் அது அவர்களுக்கு விளங்கும். ‘ரெஸ்பான்சிவ் டிசைன்’ விளங்காது.

தாள் இருந்தும் பிழைச்ச இடம் ஒன்று உண்டு. ‘அறைகளின் 20 படங்கள்’ எண்டு மட்டும் எழுதியிருந்தேன். அண்ணர் வாட்ஸ்அப்பில படமாகவே அனுப்பினார். அது சுருக்கித்தான் அனுப்பும். போனில அழகாத் தெரிஞ்ச படம் கணினித் திரையில முகப்பு முழுக்க விரிச்சதும் மங்கிப் போச்சு. ஆற்ற பிழை? எழுதாமல் விட்ட நான்தான். ஒரு ஞாயிறு பஸ் எடுத்துப் போய் அவருடைய கமராவில இருந்து மூலப் படங்களை நானே எடுத்து வந்தேன், அதுக்குக் காசு கேட்கேல்ல. இப்ப அந்த வரி, “கமராவில் உள்ள மூலக் கோப்பாக, அல்லது வாட்ஸ்அப்பில் ஆவணமாக.” இடையில ஜெர்மன் மொழியிலயும் வேணும் எண்டு ஒருக்கா வந்தது. முதல் அண்ணரெண்டா சண்டை வந்திருக்கும். இவரிட்ட, “அண்ணன், அது புது வேலை, மொழிபெயர்ப்பை நீங்க தந்தால் 15,000, இதை ஒப்படைச்ச பிறகு” எண்டேன். யோசிச்சுச் சொல்றன் எண்டார். இன்னும் யோசிக்கிறார்.

மார்ச் 10ஆம் திகதி, இரண்டு நாள் முந்தி, விடுதிக்குப் போய்ப் பட்டியலை வைச்சுக்கொண்டு இருந்தம். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைச்சுட்டுப் பின்னால நிண்டு பார்க்கிறா. பக்கங்கள் திறந்தது, சரி. மொழி மாறினது, சரி. வாட்ஸ்அப் இலக்கம் அண்ணருடைய போனில அடிச்சது, சரி. ஊசி பக்கத்து வளவில நிண்டது, அங்கேயே இழுத்து வைச்சேன், சரி. படிவத்தை நிரப்பி அனுப்பினம். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். அண்ணர் பெட்டியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். கடைசியா ஸ்பாமுக்குள்ள போய்ப் பார்த்தால் அங்க கிடக்கு.

மலிவு ஹோஸ்டிங்கில வேர்ட்பிரஸ் தானா அனுப்புற மின்னஞ்சலுக்கு இது வழமை. அனுப்பினவர் உண்மையான ஆள்தானா எண்டு வாங்குற பக்கத்துக்குத் தெரியாது, தூக்கி ஒதுக்கிப் போடும். “வந்திட்டுதுதானே தம்பி, பரவாயில்லை, சரி போடுவம்” எண்டார் அண்ணர். சீசனில ஒரு ஜெர்மன் குடும்பம் அறை கேட்டு எழுதினது ஸ்பாமுக்குள்ள கிடந்தால் என்ன நடக்கும் எண்டு சொன்னேன். அந்தப் பெட்டியில சரி போடாமல் வீட்ட வந்தேன். அண்டு ராத்திரி முறையான மின்னஞ்சல் கணக்கு வழியாகப் போகிற மாதிரி மாற்றி, டொமைன் பதிவில அனுப்ப அனுமதி உள்ள சேர்வரின் பெயரையும் சேர்த்தேன். மற்ற நாள் வெள்ளன திரும்ப அனுப்பிப் பார்த்தம். நேரா உள்பெட்டிக்கு வந்தது. படம் பிடிச்சு அனுப்பினார், கீழ ஒரு ‘ஓம்’. அந்த 18,000 மார்ச் 20ஆம் திகதிதான் வந்தது. ஏழு நாள் எண்டு எழுதியிருந்தம், ஒன்பது நாள். அந்த இரண்டு நாளுக்கு நான் ஒன்றும் கேட்கேல்ல. ஆனால் அடுத்த தாளில, என்ர கிழமைத் தண்டத்துக்குக் கீழ, கொடுப்பனவு பிந்தினாலும் அதே 3,000 எண்டு ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.